கறுப்பு கவுன் போட்ட மறுநாள் எந்தக் கோர்ட்டில் நிற்கலாம்?

சட்டப் படிப்பு முடித்த பிள்ளையை உறவுக்காரர்கள் ரிசல்ட் வந்த அன்றே "வக்கீல்" என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் வக்கீல் இல்லை. பி.எல். அல்லது எல்.எல்.பி. பட்டம் கையில் இருந்தாலும், மாநில பார் கவுன்சில் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை அவரால் இன்னொருவருக்காக ஒரு வாய்தாகூட வாங்க முடியாது. பெயர் ஏறிய பிறகும் எல்லாக் கதவும் ஒரே மாதிரி திறப்பதில்லை. சில கதவுகளைத் தள்ளினால் போதும். சிலவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டும். ஒன்றிரண்டு கதவுகளில் நீங்கள் வாதாடலாம், ஆனால் வக்காலத்தில் வேறொருவர் கையெழுத்து இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம்தான் பலருக்குப் புரியாமல் போகிறது. வழக்கறிஞர் தொழில் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கட்சிக்காரர் சார்பில் வக்காலத்துப் போட்டு, மனு தாக்கல் செய்து, நோட்டீஸ் வாங்கி, வழக்கை நடத்துவது ஒன்று. நீதிபதி முன் எழுந்து நின்று வாதாடுவது மற்றொன்று. கீழ் நீதிமன்றங்களில் இரண்டையும் ஒரே ஆள் செய்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. மேலே போகப் போக இவை பிரியும். அது எங்கே, எப்படிப் பிரிகிறது என்று பார்க்க ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவில்காரப் பெண், 2022-இல் சட்டம் முடித்தவர்.

அவர் முதலில் போக வேண்டிய இடம் சென்னையில், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். எந்த மாநிலத்தில் தொழில் செய்ய நினைக்கிறோமோ அந்த மாநில கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 25-வது பிரிவு. ஒரே ஆள் இரண்டு மாநிலப் பதிவேட்டில் இருக்க முடியாது என்று 17-வது பிரிவு சொல்கிறது. இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, பார் கவுன்சில் அங்கீகரித்த சட்டப் பட்டம் ஆகியவை 24-வது பிரிவின் அடிப்படைத் தகுதிகள். ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவராக இருந்தால் 24ஏ தடுக்கும். அந்தத் தடை விடுதலைக்குப் பிறகு இரண்டு ஆண்டு நீடிக்கும்.

பட்டம் என்ற ஒரு வார்த்தைக்குள் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. சட்டப் பட்டம் சரியாகவே இருக்கும், அதற்கு முந்தைய படிப்பு இடிக்கும். பிளஸ் டூ முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தை வைத்து மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு 2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளின் 5-வது விதி தடையாக நிற்கிறது. மூன்று வருடம் படித்து, எல்லாத் தேர்வும் பாஸ் செய்து, பதிவு நேரத்தில் பத்தாம் வகுப்பிலிருந்து சான்றிதழ்களை வரிசையாக அடுக்கும்போதுதான் இது வெளியே வரும். ஆகவே சட்டக் கல்லூரியில் சேரும் முன்பே பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை அறுபடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பணம். சட்டத்தில் எழுதியிருக்கும் பதிவுக் கட்டணம் மாநில கவுன்சிலுக்கு ₹600, இந்திய பார் கவுன்சிலுக்கு ₹150, ஆக மொத்தம் ₹750. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ₹100-ம் ₹25-ம் சேர்த்து ₹125. முத்திரைத் தீர்வை தனி. ஆனால் நம் பெண் பதிவு செய்த 2022-இல் நாடு முழுவதும் கவுன்சில்கள் நூலக நிதி, நல நிதி, அடையாள அட்டை என்று பல தலைப்புகளைச் சேர்த்து வசூலித்துக்கொண்டிருந்தன. மாநிலத்தைப் பொறுத்து அது ₹15,000-இலிருந்து ₹42,000 வரை போனது. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் சொன்னதற்கு மேல் பதிவின்போது எந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு அன்றிலிருந்துதான் செல்லும் என்றும் சொல்லிவிட்டதால், அதற்கு முன் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. வேலை இல்லாத, வருமானம் தொடங்காத ஓர் இளைஞரிடம் முதல் நாளே இவ்வளவு வாங்கியது எனக்கு எப்போதுமே உறுத்திய விஷயம்.

சரி, 2022 செப்டம்பர் 14 அன்று நம் பெண் கவுன் மாட்டி, கழுத்தில் வெள்ளைப் பட்டை கட்டி, நூற்றுக்கணக்கானவர்களோடு சேர்ந்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். பதிவு எண் கிடைத்துவிட்டது. அன்றைக்கே ஒரு கடிகாரமும் ஓடத் தொடங்கிவிட்டது. 2009-10 கல்வியாண்டு முதல் சட்டம் முடித்தவர்கள் எல்லாரும் அகில இந்திய பார் தேர்வு, அதாவது ஏ.ஐ.பி.இ., எழுதித் தேற வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தேறுவேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் பதிவு வாங்குகிறோம். அதுவரை அது தற்காலிகப் பதிவு. தேறினால் தொழில் செய்வதற்கான சான்றிதழ் வரும். கோர்ட் வளாகத்தில் அதை யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, "சி.ஓ.பி. வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்தத் தேர்வுக்கு ஒரு பின்கதை உண்டு. 1961 சட்டம் முதலில் எழுதப்பட்டபோது பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் இருந்தன. 1973-இல் நாடாளுமன்றமே திருத்தம் கொண்டுவந்து அவற்றை எடுத்துவிட்டது. 1995-இல் இந்திய பார் கவுன்சில் தன் விதிகள் மூலம் ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. நாடாளுமன்றம் நீக்கியதை விதி போட்டுத் திரும்பக் கொண்டுவர கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 1999-இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதனால்தான் 2010-இல் இந்தத் தேர்வைக் கொண்டுவந்தபோது கவுன்சில் அதைப் பதிவுக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்தது. முதல் தேர்வு 2011 மார்ச் 6 அன்று நடந்தது. வக்கீலாக ஆக்கிவிட்டு அப்புறம் தேர்வு வைக்கும் இந்த விசித்திர வரிசைக்கு சுதீர் தீர்ப்புதான் காரணம். 2023 பிப்ரவரி 10 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு போனி ஃபோய் சட்டக் கல்லூரி வழக்கில் சுதீர் தீர்ப்பு சரியல்ல என்றது. தேர்வைப் பதிவுக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்பதைக் கவுன்சிலே முடிவு செய்யலாம் என்றும் சொல்லிவிட்டது.

தேர்வு அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலை அல்ல. 100 கேள்விகள், நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றரை மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு கிடையாது. குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை, நம் ஆட்கள் சொல்லும் 'பேர் ஆக்ட்டை', உள்ளே கொண்டு போகலாம். தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 40 சதவீதம். அரசியலமைப்பு, குற்ற நடைமுறை, உரிமையியல் நடைமுறை ஆகிய மூன்றிலும் தலா 10 கேள்விகள். குற்றவியல் சட்டம், சாட்சியம், குடும்பச் சட்டம் ஆகியவற்றில் தலா 8. ஒப்பந்தம், சொத்து மாற்றம் முதலியவை சேர்ந்த தொகுப்பில் இன்னொரு 8. இந்த ஏழு தலைப்பிலேயே 62 கேள்விகள் வந்துவிடுகின்றன.

ஆனாலும் தோற்கிறார்கள். புத்தகம் கையில் இருக்கிறதே என்ற நம்பிக்கைதான் பெரும்பாலும் காலை வாருகிறது. 210 நிமிடத்தில் 100 கேள்வி என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று விரலுக்குப் பழக்கம் இல்லாவிட்டால் அந்த இரண்டு நிமிடமும் பக்கம் புரட்டுவதிலேயே போய்விடும். ஓரத்தில் பென்சிலில் எழுதிய குறிப்புகள் உள்ள புத்தகத்தோடு போய், வாசலில் அதைப் பறிகொடுப்பது இன்னொரு விதம். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த பிறகு, பழைய இந்திய தண்டனைச் சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பிரிவு எண்கள் எதுவும் பொருந்தாது.

நம் பெண்ணின் கணக்கைப் பாருங்கள். அவருக்கு 2024 செப்டம்பர் வரை அவகாசம். "இரண்டு வருஷம் இருக்கே" என்று தோன்றும். ஆனால் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை என்ற வேகத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு ஆண்டில் நடந்தவை இரண்டே தேர்வுகள், 2023 பிப்ரவரி 5-இல் ஒன்று, டிசம்பர் 10-இல் ஒன்று. பிப்ரவரித் தேர்வை, சீனியர் அலுவலகத்தில் சேர்ந்த புதிது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். டிசம்பரில் 43 எடுத்தார். தேர்ச்சி வரம்பு 45. அடுத்த தேர்வு 2024 டிசம்பர் 22, அவருடைய கெடு முடிந்து மூன்று மாதம் கழித்து. அதில் தேறினாலும், செப்டம்பர் நடுவிலிருந்து முடிவு வெளியாகும் வரை அவர் பெயரில் வக்காலத்துப் போடுவதோ வாதாடுவதோ முறையல்ல. பதிவு ரத்தாகவில்லை, பெயர் பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் தொழில் செய்யும் உரிமை தூங்குகிறது. இடையில் கையெழுத்திட்ட வக்காலத்தை எதிர்த்தரப்பு கவனித்தால் கட்சிக்காரருக்குத்தான் சங்கடம். சீனியருக்குக் குறிப்பு எடுக்கலாம், மனு வரைந்து கொடுக்கலாம், சட்டத் தேடல் செய்யலாம். கையெழுத்து மட்டும் சீனியருடையதாக இருக்க வேண்டும்.

ஆக, இரண்டு ஆண்டு என்பது நடைமுறையில் இரண்டு வாய்ப்பு. பதிவுக்குப் பின் வரும் முதல் தேர்வையே எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம். இப்போது அதற்கும் முன்பே எழுதும் வழி திறந்திருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களையும் அனுமதிக்கலாம் என்ற யோசனையை 2023 தீர்ப்பே ஏற்றது. 2024 செப்டம்பரில் அந்த ஆண்டுத் தேர்வுக்கு அவர்களைச் சேர்க்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவும் போட்டது. படிக்கும்போதே எழுதித் தேறிவிட்டால், பதிவு நாளில் ஓட எந்தக் கடிகாரமும் இருக்காது.

சி.ஓ.பி. வந்துவிட்டது. இனி எங்கே நிற்கலாம்? வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-வது பிரிவு தாராளமாகப் பேசுகிறது. மாநிலப் பதிவேட்டில் பெயர் உள்ள எந்த வழக்கறிஞரும் இந்தியா முழுவதும், உச்ச நீதிமன்றம் உட்பட எல்லா நீதிமன்றங்களிலும், சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரம் கொண்ட தீர்ப்பாயங்களிலும் தொழில் செய்யலாம். படிக்க அழகான பிரிவு. ஆனால் 1961-இல் எழுதிய இந்தப் பிரிவை மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது 2011 ஜூன் 15-இல். நடுவில் 1988-இல் ஆல்டமேஷ் ரெய்ன் வழக்கில், இதை அமலாக்குவது பற்றி ஆறு மாதத்துக்குள் பரிசீலியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிப் பார்த்தது. அதற்குப் பிறகும் 23 ஆண்டு ஆயிற்று. அப்படியென்றால் அதுவரை எந்த உரிமையில் வாதாடினார்கள் என்று கேட்கலாம். பழைய சட்டங்கள் தந்த உரிமையும், வழக்கறிஞர் அல்லாதவர் தொழில் செய்யக் கூடாது என்ற 33-வது பிரிவும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தன.

நாகர்கோவில் முன்சீப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட், மாவட்ட நீதிமன்றம், மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளை, சென்னையில் உயர் நீதிமன்றம் என எல்லாவற்றிலும் அவர் வக்காலத்தும் போடலாம், வாதாடவும் செய்யலாம். உயர் நீதிமன்றத்துக்கு இத்தனை வருட அனுபவம் வேண்டும் என்று ஏதும் இல்லை. முதல் வித்தியாசம் குடும்ப நீதிமன்றத்தில் வருகிறது. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13-வது பிரிவு, வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை அல்ல என்கிறது. நடைமுறையில் வக்காலத்தோடு, வழக்கறிஞர் மூலம் நடத்த அனுமதி கேட்டு ஒரு மனுவையும் சேர்த்துப் போடுகிறோம், பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும். ஆனாலும் அது நீதிமன்றம் தருவது, நாம் கொண்டு வந்த உரிமை அல்ல. சமரசப் பேச்சு நடக்கும் நாளில் கட்சிக்காரரை மட்டும் உள்ளே அழைத்து நம்மை வெளியே உட்காரச் சொன்னால் முறைத்துக்கொள்ள இடமில்லை.

இப்போது அவருடைய பழைய கட்சிக்காரரின் மகன் நொய்டாவில் ஒரு வழக்கில் மாட்டிக்கொள்கிறான். செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் மறுக்கப்பட்டு, மனு அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். "நீங்களே வந்து பண்ணுங்க அக்கா" என்கிறார்கள். 30-வது பிரிவைக் காட்டி நேராகப் போய் வக்காலத்துப் போட முடியுமா? முடியாது. அந்த உயர் நீதிமன்றம் தன் விதிகளில், தன் வழக்கறிஞர் பட்டியலில் இல்லாத வெளியூர் வழக்கறிஞர், அங்கே வழக்கமாகத் தொழில் செய்யும் பட்டியல் வழக்கறிஞர் ஒருவரையும் சேர்த்து வக்காலத்துப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறது. இதை எதிர்த்து ஜம்ஷெட் அன்சாரி என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2016-இல் தோற்றார். நீதிமன்றத்துக்குள் யார், எந்த நிபந்தனையோடு நிற்கலாம் என்று விதி செய்யும் அதிகாரத்தை 34-வது பிரிவு உயர் நீதிமன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது என்பதே பதில். இதற்கு நியாயமும் இல்லாமல் இல்லை. நோட்டீஸ் கொடுக்க, குறை சுட்டிக்காட்டித் திருப்பிய மனுவைச் சரி செய்ய, வழக்கு திடீரெனப் பட்டியலில் வந்தால் ஆஜராக, உள்ளூரில் ஒருவர் இருக்க வேண்டும். நம் பெண் அங்கே ஓர் உள்ளூர் வக்கீலோடு கைகோத்துக்கொண்டால் முழு வாதத்தையும் அவரே செய்யலாம். எல்லா உயர் நீதிமன்றங்களிலும் இதே விதி இல்லை. ஆகவே டிக்கெட் போடும் முன் அந்த நீதிமன்றத்தின் விதியைப் படித்துவிட வேண்டும்.

கல்யாணமாகி வேறு மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியேறினால் மறுபடி புதிதாகப் பதிவு செய்யத் தேவையில்லை. 18-வது பிரிவின்படி இந்திய பார் கவுன்சிலுக்கு விண்ணப்பித்துப் பெயரைப் புதிய மாநிலப் பதிவேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டணம் இல்லாமல் என்று சட்டமே சொல்கிறது. பணிமூப்பும் கூடவே வரும். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் மாற்றம் மறுக்கப்படலாம்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போகும்போது வேலை இரண்டாகப் பிரிவது முழுதாகத் தெரியும். உச்ச நீதிமன்றத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகளில் நான்காவது ஆணையின்படி, வக்காலத்துப் போட்டு மனு தாக்கல் செய்ய 'அட்வகேட் ஆன் ரெக்கார்ட்' எனப்படும் ஏ.ஓ.ஆர். ஆக இருக்க வேண்டும். மற்ற வழக்கறிஞர்கள் ஏ.ஓ.ஆர். அறிவுறுத்தலின் பேரிலோ, நீதிமன்ற அனுமதியோடோ வாதாடலாம். இந்த ஏற்பாட்டை எதிர்த்து லில்லி தாமஸ் தொடுத்த வழக்கு 1964-இலேயே தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றம் தன் நடைமுறைக்குத் தானே விதி செய்ய அரசியலமைப்பின் 145-வது பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தைத் தொடாமல் விட்டுவைக்கிறது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 52-வது பிரிவு.

நம் பெண்ணுக்கே ஏ.ஓ.ஆர். ஆக ஆசை வந்தால் பாதை நீளமானது. முதலில் பதிவேட்டில் நான்கு ஆண்டு முடிந்திருக்க வேண்டும். அப்புறம் ஓர் ஏ.ஓ.ஆரிடம் ஓராண்டுப் பயிற்சி. பிறகு நடைமுறை, வரைவு, தொழில் நெறி, முன்னோடித் தீர்ப்புகள் என்று நான்கு தாள். ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் எடுக்க வேண்டும். இங்கே விடையை டிக் அடித்துத் தப்பிக்க முடியாது, உட்கார்ந்து எழுத வேண்டும். தேறிய பின்னும் நாகர்கோவிலில் இருந்துகொண்டு ஏ.ஓ.ஆர். ஆக முடியாது. டெல்லியில் உச்ச நீதிமன்றக் கட்டடத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அலுவலகம் இருக்க வேண்டும். பதிவான ஒரு மாதத்துக்குள் பதிவு பெற்ற குமாஸ்தா ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்வேன் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதுவரை, மதுரைக் கிளையில் தோற்ற மேல்முறையீட்டை அவர் டெல்லிக்குக் கொண்டுபோகும் விதம் இப்படி இருக்கும். சிறப்பு அனுமதி மனுவை அவரே வரைந்து, கீழ் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்த்து அனுப்புவார். ஏ.ஓ.ஆர். அதைப் படித்துத் திருத்தித் தன் பெயரில் தாக்கல் செய்வார். விசாரணை நாளில் ஏ.ஓ.ஆர். தரும் ஆஜர் சீட்டில் நம் பெண்ணின் பெயர் இருக்கும், எழுந்து நின்று வாதாடுவதும் அவராகவே இருக்கலாம். மனு காலக்கெடு தாண்டித் தாக்கலானால், ஒரு பக்கம் குறைந்தால், நோட்டீஸ் தவறினால், பதிவகம் தேடுவது மட்டும் ஏ.ஓ.ஆரை.